டியூபின் பின்பக்கம்

வடசென்னை டோல்கேட்டில் மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வகை வாடிக்கையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். கவுண்டரில் பெண்கள் நின்றால் கடைக்குள் வரமாட்டார். போன் பேசுவதுபோல இரண்டு கடை தள்ளிப் போய் நிற்பார். கூட்டம் கரைந்ததும் வந்து, குரலை இறக்கி, "அண்ணே, தொடை இடுக்குக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்பார். எங்கே, எத்தனை நாளாக, பார்க்க எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டாலும் இவர் சொல்லப்போவதில்லை. ஒரு டியூப் பேப்பர் கவருக்குள் போகும், காசு கைமாறும், அரை நிமிடத்தில் வைத்தியம் முடிந்துவிடும்.

எங்கள் பகுதியில் இந்த வியாபாரம் குறையவே குறையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் டிரைவர்கள் நாள் முழுக்க இன்ஜின் சூட்டின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள். யார்டில் பெட்டி எண்ணுகிறவர்களுக்கும் வெல்டிங் பட்டறைப் பையன்களுக்கும் தடித்த பேன்ட்டும் கடலோர வியர்வையும்தான். எனக்கு ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கையில் ஃபைலுடன் பைக்கில் துறைமுகத்துக்கும் மணலி பக்கத்து கண்டெய்னர் கிடங்குகளுக்கும் அலைவதுதான் பொழுது. மெட்ரோ வேலைக்காக டி.எச். ரோடு தோண்டிக் கிடந்த காலம் அது. பத்து நிமிடப் பாதைக்கு முக்கால் மணி நேரம் பைக் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரிப்பு வந்தபோது வியர்வைதான் காரணம் என்று நினைத்தேன். படர்தாமரை என்று கடைக்காரரும் சொன்னார்.

ஆனால் அது படர்தாமரை மாதிரி இல்லை. கல்லூரி நாளில் இடுப்பில் படர்தாமரை வந்து பார்த்தவன் நான். அதற்கு ஒரு விளிம்பு இருக்கும். வளையமாகச் சற்றே தடித்து, பொடிப்பொடியாகச் செதில் விட்டு வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். நடுப்பகுதி ஆறிக்கொண்டே வரும். இதுவோ நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே சிவப்பு. செதில் கிடையாது, கொப்புளம் கிடையாது. மெழுகு தேய்த்ததுபோல வழவழப்பாகப் பளபளத்தது. ஓரம் மட்டும் பேனாவால் கோடு போட்ட மாதிரி துல்லியமாக இருந்தது. தொடை இடுக்கில் ஒரு திட்டு, உறுப்பின் தண்டில் ஒன்று, விதைப்பையின் ஒரு பக்கத்தில் ஒன்று. அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம், அதிலும் வியர்த்தால்.

முதலில் வாங்கியது சாதாரணப் பூஞ்சைக் கிரீம். குளோட்ரிமசோல் மட்டும் உள்ளது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. "இது கொஞ்சம் ஸ்ட்ராங்" என்று கடைக்காரர் அடுத்து கொடுத்தது வேறு டியூப். போட்ட மூன்றாம் நாளே சிவப்பு மங்கிவிட்டது. மருந்து கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஒரு வாரத்தில் நிறுத்தினேன். நிறுத்திய சில நாளில் பழைய இடத்தில் பழைய சிவப்பு முன்பைவிடக் கோபமாகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினேன், மறுபடி அடங்கியது, மறுபடி வந்தது. இடையில் பக்கத்து கிளினிக் ஒன்றில் பேன்ட்டைக் கழற்றச் சொல்லாமலேயே நோயைக் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர் ஒருவர் பூஞ்சை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வீட்டில் என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததிலேயே கேள்வி இருந்தது. வேறு எங்கோ போய் வாங்கி வந்த நோயோ என்று அவள் யோசிக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கே அந்தச் சந்தேகம் வந்து எச்.ஐ.வி. பரிசோதனைவரை போய், ஒன்றுமில்லை என்ற சீட்டோடு வந்திருந்தேன்.

கடைசியில் ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். சீட்டு வாங்கி உட்கார்ந்தபோது பெண் மருத்துவர் கூப்பிட்டார். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது உண்மை. அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்தக் கூச்சம் பாதி போய்விட்டது. "என்னென்ன பூசினீங்க? டியூப் இருந்தா எடுத்து வைங்க."

ஆபீஸ் பையிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். முதல் டியூபைத் தனியே ஒதுக்கி, "இது வெறும் பூஞ்சை மருந்து" என்றார். மற்றதை என் பக்கம் தள்ளி விரலால் காட்டினார். குளோபெட்டசோல், பிறகு ஒரு பூஞ்சை மருந்து, பிறகு ஒரு பாக்டீரியா மருந்து. அடுத்த டியூபில் பெக்லோமெட்டசோனும் அதே மாதிரி கூட்டாளிகளும். "குளோபெட்டசோல் ஸ்டீராய்டு. தோலுக்குப் பூசற ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியமானது. உங்களுக்குச் சிவப்பு கொறஞ்சது இதால. பூஞ்சை மருந்தால இல்ல. அதனாலதான் நிறுத்துனதும் வந்துது."

பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். நோவு கீழே இருக்க இவர் ஏன் மேலே பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. காதுக்குப் பின்னால் பார்த்தார். தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார். முழங்கை, தொப்புள், கை நகம் என்று ஒவ்வொன்றாகப் போனார். நகத்தில் நின்றார். என் கட்டைவிரல் நகத்தில் ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. ஷிப்பிங் பேப்பர்களில் ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் பிடுங்கிப் பிடுங்கி வந்தது என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். தலையில் பின்கழுத்துக்கு மேலே ஒரு இடத்தில் தடித்த பொடுகு இருந்தது. திரை மறைவில் ஒரு ஆண் மருத்துவ மாணவரையும் உடன் வைத்துக்கொண்டு கீழே பார்த்தவர், புட்டத்தின் பிளவையும் விரித்துப் பார்த்தார். "இங்க மேலாப்புல ஒரு வெடிப்பு இருக்கு, தெரியுமா?" எனக்குத் தெரியாது. அங்கே யார் பார்க்கிறார்கள்?

இவ்வளவு பார்த்தும் அன்று அவர் முடிவு சொல்லவில்லை. எல்லா கிரீமையும் நிறுத்தி, வெறும் தேங்காய் எண்ணெயோடு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். பூஞ்சை மருந்து பூசிய தோலைச் சுரண்டிப் பார்த்தால், பூஞ்சை இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். ஸ்டீராய்டு பூசிய தோலோ எந்த நோயின் முகத்தையும் மாற்றிவிடும். தோல் தன் உண்மையான முகத்துக்குத் திரும்பிய பிறகு பார்த்தால்தான் பார்த்ததற்கு அர்த்தம். சிவப்பு கொஞ்சம் கூடும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். கூடியது. பைக்கில் உட்கார முடியாமல் இரண்டு நாள் மணலிக்கு பஸ்ஸில் போனேன்.

திரும்பிப் போனபோது மாணவர் பிளேடின் மழுங்கிய பக்கத்தால் திட்டின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டினார். உதிர்ந்த தூளைக் கண்ணாடித் துண்டில் தட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய மூடியை வைத்தார். அந்தக் காரம் தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் சுவர் கெட்டியானது என்பதால் அது மட்டும் கரையாமல் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இல்லை என்றார். இல்லாததை எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே வேறொருவரின் ஸ்லைடை வைத்துக் காட்டினார். மங்கிய செல்களின் கட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீளமான, கிளை பிரிந்த, இடையிடையே தடுப்புப் போட்ட இழை ஒன்று ஓடியது. அதுதான் படர்தாமரைப் பூஞ்சை. என் ஸ்லைடில் கட்டங்கள் மட்டுமே இருந்தன. சர்க்கரையும் பார்த்தார்கள். சர்க்கரை நோய் இருந்தால் உறுப்பின் முனையில் கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். அதுவும் சிவப்புதான், ஆனால் பெரிய திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் சிதறிக் கிடக்கும். எனக்குச் சர்க்கரையும் இல்லை, பொரியும் இல்லை.

"சொரியாசிஸ்" என்றார் மருத்துவர். நான் நம்பவில்லை. சொரியாசிஸ் என்றால் எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் முழங்காலில் பார்த்தது: தடித்த, வெள்ளி நிறத்தில் செதில் செதிலாகக் கொட்டும் தோல். எனக்கோ ஒரு செதில்கூட இல்லையே என்றேன்.

அவர் சொன்ன விளக்கம்தான் இந்த நோயின் சூட்சுமம். தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர, இயல்பாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தூண்டிவிடுவதால் அந்தப் பயணம் சில நாளிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிவதுதான் செதில். முழங்காலில் அது காய்ந்து நிற்கும். தொடை இடுக்கிலும் உறுப்பிலும் தோல் தோலோடு உரசுகிறது, எப்போதும் ஈரம் இருக்கிறது. செதில் தங்க வழியில்லை. கீழே உள்ள சிவப்பும் பளபளப்பும் துல்லியமான ஓரமும் மட்டும் மிஞ்சும். செதிலைத் தேடும் கண்ணுக்கு இது சொரியாசிஸாகத் தெரியாது; இடுப்புக்குக் கீழே எது சிவந்தாலும் பூஞ்சை என்று பழகிய கண்ணுக்குப் பூஞ்சையாகத்தான் தெரியும். அதனால்தான் அவர் நகத்தையும் தலையையும் தொப்புளையும் பிளவையும் பார்த்தார். கீழே மறைத்துக்கொள்ளும் நோய் வேறு எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை இந்த இடத்தில் வருகிறது. யாரும் காட்டுவதில்லை, பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை.

பூஞ்சைக் கிரீம் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் அதிலேயே வந்துவிட்டது. குளோட்ரிமசோல் வகை மருந்துகள் பூஞ்சை தன் செல்லின் உறையைக் கட்டப் பயன்படுத்தும் எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்க விடாமல் தடுக்கின்றன. மனிதச் செல்லின் உறையில் அது இல்லை, கொலஸ்டிரால்தான் இருக்கிறது. பூஞ்சை இல்லாத தோலில் அந்த மருந்துக்கு அடிக்க இலக்கே இல்லை. எத்தனை மாதம் பூசினாலும், எவ்வளவு விலை உயர்ந்ததைப் பூசினாலும் இதே கதைதான். வீரியம் போதாமல் தோற்கவில்லை. நோய் வேறு என்பதால் தோற்றது. போதாததற்குக் கிரீமில் சேர்க்கும் சில கரைப்பான்களும் பதப்படுத்திகளும் ஏற்கெனவே வெந்துபோன தோலை இன்னும் எரிய வைக்கும்.

ஸ்டீராய்டு கலந்த கிரீமின் சங்கதி இன்னும் சிக்கலானது. விதைப்பையின் தோல் மருந்தை உறிஞ்சுகிற விதமே வேறு. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967-இல் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் வெவ்வேறு இடங்களில் பூசி அளந்தார்கள். முன்கையில் உள்ளே போவதைப்போல 42 மடங்கு விதைப்பை வழியாகப் போனது. முழங்கால் சொரியாசிஸுக்கு எழுதுகிற குளோபெட்டசோலை இங்கே மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாய் மெலியும், இரத்தக் குழாய்கள் தெரியும், தொடையில் வரி வரியாகக் கிழியும். நிறுத்தினால் தோல் எரிந்து சிவக்கும். அந்தச் சிவப்பை நோய் என்று எண்ணி மறுபடி பூசுவார்கள். எனக்கு வரி விழவில்லை, தப்பித்தேன் என்றார் மருத்துவர்.

உண்மையிலேயே படர்தாமரை உள்ளவருக்கும் இதே டியூப் கேடுதான். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிட, அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வளையம் அழிந்து, வழவழப்பான, அடையாளம் தெரியாத சிவப்பாகிவிடும். அதாவது, பூஞ்சை இல்லாத என் நோய் பூஞ்சை போலத் தெரிந்தது என்றால், இந்தக் கிரீமைப் பூசிய பூஞ்சை பூஞ்சையே இல்லாததுபோலத் தெரியும். கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாமல் போகும் இடம் இதுதான். அந்த ஒரு சொட்டுக் கரைசலும் மைக்ரோஸ்கோப்பும் இங்கேதான் தேவைப்படுகின்றன. நம் நாட்டில் டெர்பினாஃபின் மாத்திரைக்கும் அடங்காமல் பரவும் ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று இந்தியாவின் பெயரையே வைத்தார்கள். கடையில் கேட்டு வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கலவைகளுக்கு அதன் பரவலில் பங்கு உண்டு என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. அவர்களின் அகில இந்தியச் சங்கம் பல வருடம் போராடிய பிறகு, 2018-இல் பூசுகிற ஸ்டீராய்டுகளில் 14 வகையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளில் இப்படிப்பட்ட சில தோல் கிரீம்களும் இருந்தன. சட்டம் வந்த பிறகும் டோல்கேட்டில் அந்த அரை நிமிட வியாபாரம் நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எழுதிய மருந்தும் முதலில் ஸ்டீராய்டுதான். இதைக் கேட்டதும் நான் விழித்திருக்க வேண்டும். "எதிரி ஸ்டீராய்டு இல்ல. எந்த ஸ்டீராய்டு, எத்தனை நாள், எந்த இடம்ங்கறதுதான்" என்றார். டெசோனைடு என்ற மெலிதான வகை, இரவில் மட்டும், இரண்டு வாரம். அளவையும் என் விரலிலேயே காட்டினார்: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். எனக்கு அதில் பாதியே மிகுதி. அதன் பிறகு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட். எதிர்ப்புச் சக்தியின் கிளர்ச்சியைத் தோலுக்குள்ளேயே தணிப்பது அது. தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் மிளகாய் பட்டதுபோல எரிந்தது. எரியும் என்று முன்பே சொல்லியிருக்காவிட்டால் நிறுத்தியிருப்பேன். டியூபைப் பிரிட்ஜில் வைத்துப் பூசினேன், ஒரு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. சிவப்பு அடங்கிய பிறகும் வாரம் இரண்டு நாள் பூசிக்கொண்டு வந்தேன்.

மருந்து பாதி, மீதி பழக்கம். சொரியாசிஸ் உள்ள தோலில் உரசல் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பும். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது இது. அதனால் ஜீன்ஸும் இறுக்கமான ஜட்டியும் போயின, தொளதொள காட்டன் வந்தது. டெட்டால் தண்ணீர், பவுடர், வாசனைச் சோப்பு எல்லாம் நின்றன. சுத்தம் போதாமல்தான் இது வந்தது என்று நினைத்து நாளுக்கு மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தவன் வெறும் தண்ணீருக்கு இறங்கினேன்.

அடுத்த முறை போனபோது மனைவியையும் அழைத்துப் போனேன். இது தொற்றாது, உறவால் வருவதும் இல்லை, உறவால் பரவுவதும் இல்லை என்று மருத்துவர் அவளிடம் நேராகச் சொன்னார். எரிச்சலும் வெடிப்பும் இருக்கும் நாட்களில் மட்டும் விட்டுப் பிடியுங்கள் என்றார். ஆயின்மென்ட்டில் உள்ள பெட்ரோலிய மெழுகு ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும், கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான். "இதை ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

எல்லா வழவழப்பான சிவப்பும் சொரியாசிஸ் என்று நான் சொன்னால் அதுவும் கடைக்காரர் சொன்ன மாதிரிதான். என் ஆபீஸில் கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு விதைப்பையில் அரிப்பு. பார்த்தால் ஓரம் தெளிவாக இல்லை, தோல் தடித்துக் கோடு கோடாக இருந்தது. அது எக்ஸிமா. ராத்திரியெல்லாம் சொறிந்து சொறிந்தே தடித்தது; தூண்டியது அவர் தினம் துடைத்த வாசனை ஈரக் காகிதம். அதை நிறுத்தி, சொறிவதை மருந்தால் நிறுத்தியதும் தணிந்தது. பூஞ்சை மருந்துக்கு அங்கேயும் வேலை இல்லை. உறுப்பின் முனையில் ஒற்றைத் திட்டாக, ஆழ்ந்த சிவப்பாக, வெல்வெட் போல இருந்து, சரியான மருந்துக்கும் ஒன்றிரண்டு மாதத்தில் அடங்காவிட்டால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மேல்தோலோடு நின்றிருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோயும் அங்கே இதே உடையில் வரும். தோல் வெளுத்துச் சுருங்கினாலும், புண்ணானாலும், இரத்தம் கசிந்தாலும் மாதம்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

எனக்கு இது முழுதாகப் போகவில்லை. ஒரு கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்த மாதம் திரும்பி வந்தது, இரண்டு வார மருந்தில் அடங்கியது. போகாத நோய்தான், ஆனால் அடங்குகிற நோய். டி.எச். ரோட்டில் தூண் எழும்பி 2021 பிப்ரவரியில் டோல்கேட்டுக்கு ரயில் வந்துவிட்டது. என் அலைச்சலில் பாதி குளிர்சாதனப் பெட்டியில் கழிகிறது. தோலுக்கு அது நல்லதுதான்.

இப்போது யாராவது என்னிடம் தயங்கித் தயங்கி இந்தப் பேச்சை எடுத்தால், எந்த மருந்து என்று நான் சொல்வதில்லை. பூசுகிற டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். குளோபெட்டசோல், அல்லது பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று "சோன்" என்று முடியும் பெயர் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து மட்டும் உள்ள கிரீமை ஒழுங்காக நான்கு வாரம் பூசியும் மாற்றமில்லை என்றால், அடுத்த டியூப் வாங்குவதில் பயனில்லை. தலையையும் நகத்தையும் சேர்த்துப் பார்க்கிற, சுரண்டிப் பார்க்கிற ஒரு தோல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது பழைய டியூபுகளைத் தூக்கி எறியாமல் பையில் எடுத்துப் போகச் சொல்வேன். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.